காதை மூடியும் திறந்தும் கேட்ட கடல்

ஒலிப்பதிவுதான் என் தொழில். திருவனந்தபுரம் கோட்டைக்குள் நாங்கள் குடியிருக்கும் தெருவில் இதைச் சொன்னால் "பாட்டு ரெக்கார்டிங்கா?" என்று கேட்பார்கள். பாட்டும் எப்போதாவது வரும். பெரும்பாலும் பேச்சுதான். ஆவணப்படங்கள், பாடங்கள், யாரோ எங்கோ பதிவு செய்து அனுப்பும் பேட்டிகள். அவற்றிலிருந்து மூச்சையும் நாற்காலிக் கிறீச்சையும் எடுத்துவிட்டு அனுப்புவேன். வீட்டின் முன்னறையில் எனக்கு ஒரு மேசை. எதிர் மேசையில் என் கணவர் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையைப் பார்ப்பார்.

நான் வேலைக்குப் போட்டுக்கொள்வது ஓப்பன் பேக் ஹெட்ஃபோன். காதைச் சுற்றி உட்காரும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடியிருக்காது. வெறும் கம்பி வலைதான். அதனால் சத்தம் மண்டைக்குள் அடைந்து கிடப்பதுபோல் இல்லாமல், அறையில் நமக்கு முன்னால் விரிந்து நிற்பதுபோல் இருக்கும். பஞ்சுத் துணி மெத்தை என்பதால் காது வியர்க்காது. எட்டு மணி நேரம் போட்டிருந்தாலும் கழற்ற வேண்டும் என்று தோன்றாது. அந்த வலைக்குள் வெளிச்சத்தம் எல்லாம் தாராளமாக வரும், உள்ளே ஓடுவது வெளியேயும் போகும். எதிர் மேசையில் இருப்பவர்தான் அதற்குச் சாட்சி.

"உன் காதுலேர்ந்து யாரோ மலையாளத்துல சண்டை போட்டுண்டிருக்கா, கேட்டியோ" என்பார். "எனக்கு மீட்டிங் ஆரம்பிக்கப் போறது."

அவர் போட்டுக்கொள்வது காதுத் துளைக்குள் செருகும் இன் இயர். செருகிவிட்டால் நான் என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்காது.

அந்த வருடம் மழை ஓய்ந்து கடல் தெளிந்த சமயத்தில், கடல் உயிரினங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மலையாளி. நாங்கள் மலையாளத்தில்தான் பேசிக்கொண்டோம். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வெளியே கடலடியில் இருக்கும் பாறைத்திட்டுகளின் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றாள். தண்ணீருக்குள் இறக்கும் மைக் அவளிடம் இருந்தது. நீளக் கேபிளோடு, கட்டைவிரல் பருமனில் ரப்பர் பூசிய ஒரு துண்டு. பதிவு செய்யத்தான் ஆள் இல்லை.

"பாறைக்கு என்ன சத்தம்?" என்று கேட்டேன்.

"சேச்சி ஒருமுறை கேளுங்கள். அப்புறம் சொல்லுங்கள்" என்றாள்.

எங்களைக் கூட்டிக்கொண்டு போக ஒரு படகுக்காரரைப் பேசியிருந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம், குமரிக் கடற்கரையில் பிறந்தவர். கல்யாணம் செய்துகொண்டு விழிஞ்ஞத்தில் தங்கிவிட்டவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். அவர் பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம். எது எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியாது. கடலடிப் பாறைத்திட்டை அவர் பார் என்றுதான் சொல்வார். எந்தப் பார் எங்கே கிடக்கிறது என்று கரையில் தெரியும் கோபுரத்தையும் குன்றையும் கணக்கு வைத்துச் சொல்லிவிடுவார்.

முதல் நாள் நான் ஓப்பன் பேக்கைத்தான் எடுத்துப் போனேன். வெயிலில் மணிக்கணக்காக உட்கார வேண்டும். மூக்குக்கண்ணாடி வேறு. காதை இறுக்குகிற எதையும் போட மனம் வரவில்லை. பார்மேல் போய்ச் சேர்ந்ததும் அவர் எஞ்சினை நிறுத்தினார். மைக்கைத் தண்ணீருக்குள் விட்டேன். ஹெட்ஃபோனை மாட்டினேன். கேட்டதெல்லாம் காற்றுதான். காற்றும், படகின் வயிற்றில் அலை அடிக்கும் சத்தமும், கரையிலிருந்து ஒரு ஒலிபெருக்கியும். அவை கேபிள் வழியாக வரவில்லை. வலை வழியாக நேரே என் காதுக்குள் வந்துகொண்டிருந்தன. கருவியில் ஹெட்ஃபோன் சத்தத்தைக் கூட்டும் பொத்தானை முழுக்கத் திருகினேன். அடியில் எங்கோ ஏதோ கரகரத்தது. அது கடலா, காற்றா என்று பிரித்தறிய முடியவில்லை. மீட்டரில் முள் ஆடிக்கொண்டிருந்ததால் ஏதோ பதிவாகிறது என்று தெரிந்தது. என்ன பதிவாகிறது என்று தெரியவில்லை. ஒலிப்பதிவு செய்கிறவளுக்கு அதைவிட வெட்கக்கேடு இல்லை.

வீட்டுக்கு வந்து ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை அணைத்து, அதே ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்டேன். முக்கால் மணி நேரம் கேபிள் படகில் உரசும் சத்தம். தொம், தொம், சர்ர்ர். படகில் வைத்தே அது என் காதில் விழுந்திருந்தால் கேபிளை ஓரடி நகர்த்தியிருப்பேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கடைசியில் படகு கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும். உரசல் நின்றது.

அப்போது கேட்டது அது. என் முன்னால், அறையின் சுவரைத் தாண்டி, எல்லையே இல்லாத ஒரு வெளி முழுவதும் பொடிப்பொடியாக வெடித்துக்கொண்டிருந்தது. ஒன்று பக்கத்தில், ஆயிரம் தூரத்தில். ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு நொடிகூட இடைவெளி இல்லாமல். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எதிர் மேசையிலிருந்து என் கணவர் எழுந்து சமையலறைக்குப் போனார். திரும்பி வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

"அடுப்புல எண்ணெய் ஏதாவது வெச்சிருக்கியா? பொரியற சத்தம் கேக்கறதே" என்றார்.

"அது விழிஞ்ஞம்" என்றேன்.

அவர் நம்பவில்லை. அவர் காதில் மாட்டிவிட்டேன். நின்றபடியே கேட்டார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய மீட்டிங் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

மறுநாள் ஆராய்ச்சிப் பெண் விளக்கினாள். பாறை இடுக்குகளில் விரல் நீளம்கூட இல்லாத ஒருவகை இறால் வாழ்கிறது. அதன் ஒரு கொடுக்கு மட்டும் பெரிது. அதைப் படாரென்று மூடும்போது தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி அந்தக் கணமே நொறுங்குகிறது. அந்த நொறுங்கல்தான் சத்தம். ஒரு பாரில் அப்படி எத்தனை இறால்கள் இருக்கும் என்று கேட்டேன். சிரித்தாள். எண்ணுவதற்குத்தான் பதிவு செய்யச் சொன்னேன் என்றாள்.

அடுத்த முறை வெளிச்சத்தம் எதுவுமே காதில் விழக் கூடாது என்று முடிவு செய்தேன். கணவரின் இன் இயரைக் கேட்டு வாங்கி, அதற்குப் புதிதாகப் பஞ்சு முனைகள் வாங்கிப் போட்டேன். விரலால் உருட்டிச் சுருக்கி உள்ளே வைத்தால் அந்தப் பஞ்சு மெதுவாக விரிந்து காதுத் துளையை அடைத்துக்கொள்ளும். கிழக்கேகோட்டையிலிருந்து போகும் பஸ்ஸிலேயே செருகிப் பார்த்தேன். எஞ்சினின் உறுமல் மட்டும் கொஞ்சம் தங்கியது. ஹார்ன், பேச்சு, பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் எங்கோ போய்விட்டன. கண்டக்டர் என் தோளைத் தட்டினார். மூன்று முறை டிக்கெட் கேட்டாராம்.

படகில் அது இன்னும் நன்றாக இருந்தது. காற்று இல்லை, அலை இல்லை. நேராகக் கடலின் அடி. கேபிள் எங்கேயாவது உரசுகிறதா என்று தெளிவாகத் தெரிந்தது. ஒரு மிதவையைக் கட்டிக் கேபிளைப் படகிலிருந்து விலக்கிவிட்டேன். ஆனால் காதை அடைத்துவிட்டால் நம் உடம்பின் சத்தம் உள்ளேயே பெருகுகிறது. எச்சில் விழுங்கினால் கிணற்றில் கல் விழுந்த மாதிரி. பல்லைக் கடித்தால் மரம் முறிகிற மாதிரி. நடுவில் ஒரு புது ஒலி வந்தது. டுப், டுப் என்று, ஏதோ ஒரு பெரிய மீன் முனகுவதுபோல். நான் கையை உயர்த்தினேன். அவள் அவசரமாக நேரத்தைக் குறித்துக்கொண்டாள். மறுபடி வந்தது. மறுபடியும் குறித்தாள். ஐந்தாவது முறைதான் குனிந்து பார்த்தேன். இன் இயரின் ஒயர் என் மிதவைச் சட்டையின் கொக்கியில் இடித்துக்கொண்டிருந்தது. அவளிடம் சொன்னேன். அவள் ஐந்து வரிகளையும் அடித்தாள்.

அதன் பிறகு ஒயரைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். படகின் தரையில் போய் விழுந்தேன். கண்ணைத் திறந்தால் படகுக்காரர் இரண்டு கையாலும் என் கேபிளை வாரி மேலே இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கமாகவே ஒரு பெரிய வள்ளம் பாய்ந்து வந்தது. அதில் நின்ற ஆட்கள் வாய் திறந்து கத்துவது தெரிந்தது. சத்தமில்லை. காதில் இறால்கள்கூட இல்லை, மைக் தண்ணீரைவிட்டு வெளியே வந்திருந்தது. வள்ளம் கைக்கெட்டும் தூரத்தில் விலகிப் போனது. அதன் அலை எங்களைத் தூக்கிப் போட்டது. ஆராய்ச்சிப் பெண் பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள்.

பஞ்சைக் காதிலிருந்து பிடுங்கினேன். உலகம் மொத்தமாக உள்ளே வந்தது.

படகுக்காரர் கேபிளை வட்டமாகச் சுற்றி என் மடியில் வைத்தார். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நாலு தடவ விளிச்சேன் மேடம்" என்றார். "அந்தக் கயிறு அவனுக்க எஞ்சின் காத்தாடியில சுத்தியிருந்தா உங்களையும் சேத்து இழுத்திருக்கும். கண்ணடைச்சாலும் கொள்ளாம், குத்தமில்ல. கடல்ல செவி அடைச்சிட்டு இருக்கப்பிடாது. இனி அந்தச் சாதனம் எனக்க வள்ளத்தில ஏறப்பிடாது."

"சரி அண்ணா" என்றேன். இன் இயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

ஒரு வாரம் கடலுக்குப் போகவில்லை. மூன்றாவது வழி எனக்குத் தெரியாமல் இல்லை. ஸ்டூடியோக்களில் பாடகர்களுக்கும் பேசுகிறவர்களுக்கும் எப்போதும் கொடுப்பது க்ளோஸ்டு பேக்தான். கிண்ணத்தின் முதுகு கெட்டியாக மூடியிருக்கும். உள்ளே ஓடும் பின்னணி இசை மைக்குக்குள் கசியாது. வெளிச்சத்தமும் நிறையக் குறையும், இன் இயர் அளவுக்கு இல்லை என்றாலும். அதை நான் வெறுத்ததற்குக் காரணம் தோல் மெத்தை. அரை மணி நேரத்தில் காது குளித்துவிடும். இறுக்கம் வேறு. மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தைக்கு அடியில் மாட்டிக்கொண்டு பொட்டில் அழுத்தும். அந்தக் காம்பு விடும் சின்ன இடைவெளி வழியாகத்தான் ஆழமான ஒலிகள் கசிந்துபோய் எல்லாம் மெலிந்து கேட்கும்.

ஆனாலும் அதில் ஒரு வசதி உண்டு. ஒரு காதை மட்டும் ஒரு நொடியில் நகர்த்திவிடலாம். தெரிந்த ஸ்டூடியோவிலிருந்து ஒரு பழைய ஜோடியைக் கேட்டு வாங்கினேன். படகுக்காரரிடம் காட்டி, ஒரு காதை எப்போதும் பாதி திறந்து வைப்பேன், முழுக்க மூடுவதாக இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டு மூடுவேன், அந்த நேரம் அவர் என் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். முதுகை விரல் கணுவால் தட்டினார்.

"இது கொள்ளாம்" என்று தலையாட்டினார்.

அன்று காலை கடல்மேல் பனி மாதிரி ஒரு மங்கல். கரை தெரியவில்லை. அவர் எப்படியோ பாரைக் கண்டுபிடித்து நங்கூரம் போட்டார். மைக்கை இறக்கினேன். சத்தத்தைச் சரி பார்த்துவிட்டு, "அண்ணா, இப்போ ரெண்டு காதும் மூடறேன்" என்றேன். அவர் வந்து என் பின்னால் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஆராய்ச்சிப் பெண்ணிடம் கொடுத்தேன். உலகம் வெள்ளையாகக் கலங்கியது. மெத்தையைக் காதோடு சேர்த்து அழுத்தினேன்.

காற்று தூரப் போய்விட்டது. பொரியும் சத்தம் வந்தது. அதற்கும் கீழே, இதுவரை நான் கேட்டே இராத ஒரு ஆழத்தில், ஏதோ உறுமியது. ஒருமுறை, நெஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல். நான் எச்சில் விழுங்கவில்லை. ஒயர் எங்கும் படவில்லை. மறுபடி உறுமியது. அது என்ன என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஊருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறேன், அந்த ஊரில் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. எனக்கு நாற்பத்தோரு வயது. பிறந்ததிலிருந்து இந்தக் கடலிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான் வாழ்ந்திருக்கிறேன். கரையில் நின்று கேட்ட அலைச்சத்தத்தையே கடலின் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹெட்ஃபோனைக் கழற்றிப் படகுக்காரரிடம் நீட்டினேன்.

"எனக்கு என்னத்துக்கு?" என்றார். "நான் இருபத்தெட்டு வருஷமா இதுக்க மேலதான் நிக்கியேன்."

"ஒருவாட்டி" என்றேன்.

வியர்வை ஈரத்தைத் துண்டால் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். முதலில் முகம் சுளித்தார். பிறகு ஒரு கையால் காதை அழுத்திப் பிடித்தார். படகின் விளிம்பைக் குனிந்து பார்த்தார். தண்ணீர் பச்சையாக, சும்மா கிடந்தது. அவர் மெல்ல உட்கார்ந்தார். இப்போது அவருக்குப் பதில் நானும் அந்தப் பெண்ணும் நாலா பக்கமும் பார்த்துக்கொண்டோம்.

"எல்லாம் உயிரு" என்றார், மெதுவாக. தான் மெதுவாகப் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

பிறகு விரலை உயர்த்தினார். "இது கலவா மீனு. இந்த ஒச்சை எனக்கு அறியும். தூண்டில்ல கேறி வள்ளத்தில கிடக்கும்போ இப்படி உறுமும். சாகத்துக்குத்தான் உறுமுதுன்னு நான் நெனச்சேன்." காதை இன்னும் அழுத்திக்கொண்டார். "அங்ஙன இல்ல. அவன் வீட்டில இருந்து பேசுதான்."

ஆராய்ச்சிப் பெண் நோட்டை மடியில் வைத்திருந்தாள். எழுதவில்லை.

அவர் திடீரென்று முகத்தைத் திருப்பினார். ஒரு காதை நகர்த்தி வெளியே கேட்டார். மறுபடி மூடிக் கேட்டார். மங்கலுக்குள் தெற்கே கையை நீட்டி, "கப்பல்" என்றார்.

நாங்கள் பார்த்தோம். வெள்ளைதான். காதுக்கும் ஒன்றும் எட்டவில்லை. ஒரு மைக்கை வைத்துத் திசை சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். சத்தத்தை மட்டும்தான் அவர் கேட்டிருந்தார். கப்பல்கள் வரும் வழி அவருக்கு முன்பே தெரியும். ஹெட்ஃபோனை என்னிடம் கொடுத்தார். பொரியும் சத்தத்துக்கு அடியில் ஒரு துடிப்பு. சீராக, கனமாக. மெல்லப் பெருகியது. உறுமல் அதில் முங்கியது. இறால்களும் பாதி முங்கின. வெகுநேரம் கழித்துத்தான் மங்கலுக்குள் ஒரு சுவர் போலக் கறுப்பு எழுந்தது. பெட்டி பெட்டியாக அடுக்கிய கப்பல், துறைமுகத்தைப் பார்த்துச் சத்தமே இல்லாமல் போவதுபோல் போனது. மேலே அவ்வளவு அமைதி. கீழே அந்தத் துடிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

கப்பல் மறைந்த பிறகு கலவா மறுபடி பேசுகிறதா என்று மூன்று பேரும் மாறி மாறி ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டோம். காது வெந்துபோனது. மெத்தையில் யாருடைய வியர்வை என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து உறுமியது. படகுக்காரர் கையைத் தட்டிவிட்டு, அந்தச் சத்தம் கீழே கேட்டுவிடுமோ என்று உடனே நிறுத்திக்கொண்டார்.

கரைக்குத் திரும்பும்போது கேட்டார். "மேடம், இத வீட்டில வச்சுக் கேக்கப் பற்றுமா? எனக்க பெண்டாட்டிக்கு."

அவர் மனைவி சந்தையில் மீன் விற்கிறவர். இந்தக் கடலின் மீனை விற்றே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். துறைமுகத்தின் கல்சுவரைத் தாண்டி ஒருநாளும் போனதில்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். இந்தமுறை ஓப்பன் பேக்கை எடுத்துப் போனேன். அந்த அம்மாவின் காதில் கனமான தங்கக் கம்மல். க்ளோஸ்டு பேக் அதைக் காதோடு சேர்த்து நசுக்கும். இன்னொரு காரணமும் உண்டு. அவர் கேட்கும்போதே கணவர் பக்கத்திலிருந்து எது என்ன என்று சொல்ல வேண்டும், அதுவும் அவர் காதில் விழ வேண்டும். தெருவில் ஆட்டோவும், பக்கத்து வீட்டு டிவியும் இருந்தன. பரவாயில்லை. பதிவை ஏற்கெனவே சரி பார்த்தாயிற்று.

ஆராய்ச்சிப் பெண் ஒரு சின்ன மைக்கை அந்த அம்மாவின் முன்னால் வைத்தாள். அந்த அம்மா சொல்வதைப் பதிவு செய்ய வேண்டுமாம். தொழில்புத்தியில் நான் தடுத்தேன். "இந்த ஹெட்ஃபோன் கசியும். அவர் பேச்சில் பாரின் சத்தமும் சேர்ந்து விழும். பிறகு பிரிக்கவே முடியாது."

"விழட்டும் சேச்சி" என்றாள்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாட்டிவிட்டேன். பட்டனை அழுத்தினேன். அவர் கண் விரிந்தது. எதிரே சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தார். அப்புறம் அதையும் தாண்டி எங்கோ பார்த்தார்.

"இது இறாலு" என்றார் கணவர். "இனி கலவா வரும், பாரு. இந்தா."

உறுமல் வந்தது. அவர் கணவரின் கையைப் பிடித்தார்.

"இத்தறையும் ஒச்சைக்க மேலயா மனுஷா நீ நிக்கியது?" என்றார். "வீட்டுக்கு வந்து கடல் சும்மா கிடக்குவுன்னு பறைவியே."

"எனக்கு அறியாதே" என்றார் அவர். "போன வாரந்தான் நானும் கேட்டேன்."

அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது. ஆராய்ச்சிப் பெண் தன் கட்டுரையோடு அதையும் ஒரு கூட்டத்தில் போட்டாளாம். பின்னால் பொரிகிற சத்தத்தைச் சுத்தம் செய்திருக்கலாமே என்று யாரோ கேட்டார்களாம். அவள் என்னைக் கேட்டாள். செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.